பத்தியில் கோடு போட்டும் பதில் தப்பாகிறது: கூற்று, காரணம், தடை மூன்றையும் எப்படிக் குறிப்பது?

மஞ்சக்குப்பம் வாசகி, ஜூன் 2, இரவு 9:10

தபால் வழியில் எம்.ஏ. தத்துவம் படிக்கிறேன். தேர்வில் ஒரு பத்தி கொடுத்து, அதன் வாதத்தைப் பற்றி நான்கு கேள்விகள் கேட்கிறார்கள். கூற்றுக்கு அடிக்கோடு, காரணத்துக்கு வட்டம், தடைக்கு ஓரத்தில் பெருக்கல் குறி என்று சொல்லித்தந்தார்கள். அப்படியே செய்தேன். மாதிரித் தேர்வில் நான்கில் ஒன்றுகூடச் சரியில்லை. பத்தியைக் கீழே தருகிறேன். வாக்கிய எண்கள் நான் போட்டவை.

(1) உணர்வு உடம்பின் குணமே என்று உலகாயதர் சொல்வர். (2) வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றிலும் தனித்தனியே இல்லாத செம்மை, மூன்றும் கூடும்போது பிறப்பதுபோல, பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது என்பது அவர்கள் காட்டும் சான்று. (3) செம்மையோ, கூட்டு இருக்கும் வரை நீங்காமல் இருக்கிறது. (4) உணர்வு, உடம்பு சிதையாமல் கிடக்கும்போதே பிணத்தில் இல்லை. (5) ஆதலின் உணர்வு உடம்பின் குணம் ஆகாது. (6) பிராணன் நீங்கிவிட்டதால் கூட்டுக் குலைந்தது, அதனால் உணர்வும் போயிற்று எனின், அதுவும் பொருந்தாது. (7) உறங்குகிறவனிடம் மூச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. ஆயினும் அருகில் வைத்த பொருளை அவன் அறிவதில்லை. (8) மூச்சு இருந்தும் உணர்வு இல்லாத நிலை உண்டு என்றால், மூச்சு நீங்கியதே உணர்வு நீங்கக் காரணம் என்று சொல்ல இடமில்லை.

கேள்விகள்: அ. முதன்மை முடிவு எந்த வாக்கியம்? ஆ. 6-ஆம் வாக்கியம் என்ன வேலை செய்கிறது? இ. 7-ஆம் வாக்கியம் எதற்குக் காரணம்? ஈ. வாதம் எங்கே பலவீனமாக இருக்கிறது?

நான் எழுதியது: அ-வுக்கு 8. ஆ-வுக்கு, ஆசிரியர் தரும் காரணம். இ-க்கு, 5-இன் காரணம். ஈ-யை விட்டுவிட்டேன். எங்கே தப்பினேன்?

புதுப்பாளையம் மெய்ப்பு, ஜூன் 3, காலை 6:25

உங்கள் தாளைப் பார்க்காமலேயே ஒன்று சொல்கிறேன். 6-ஆம் வாக்கியத்தில் "நீங்கிவிட்டதால்" என்ற சொல்லுக்கு வட்டம் போட்டிருப்பீர்கள். அந்த வட்டம் போட்டபோது "எனின்" என்ற சொல்லை நீங்கள் இன்னும் படித்திருக்கவில்லை.

நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். இதே பாடத்தை இதே வழியில் படித்தேன். எதிராளி சொன்னதை ஆசிரியர் சொன்னதாக எழுதி, பத்துக்கு இரண்டு வாங்கின விடைத்தாள் ஒன்று என்னிடம் உண்டு. அன்று எனக்கு விளங்காத ஒன்று பிற்பாடு வேலையில் விளங்கியது. தமிழ் வாக்கியத்தில் யார் பேசுகிறார் என்பது பெரும்பாலும் கடைசியில்தான் தெரியும். "என்பர்", "என்பாரும் உளர்", "எனின்", "என்று சொல்லலாம்" எல்லாம் வால் பக்கம் நிற்பவை. முன்னால் எட்டுச் சொல் ஓடி, ஒன்பதாவது சொல் வந்து, அத்தனையும் இன்னொருவர் பேச்சு என்று காட்டிவிடும். படிக்கப் படிக்கக் கோடு போட்டுக்கொண்டே போனால் அந்த ஒன்பதாவது சொல் வருவதற்குள் குறி விழுந்துவிடுகிறது.

அதனால் நான் செய்வது இது. முற்றுப்புள்ளி வரும்வரை பென்சில் மேசையில்தான் கிடக்கும். வாக்கியம் முடிந்ததும் கடைசி இரண்டு மூன்று சொல்லைத் திரும்பப் பார்த்து, இது யார் குரல் என்று மட்டும் முடிவு செய்கிறேன். கூற்றா காரணமா என்று அப்போது பார்ப்பதில்லை. அச்சகத்தில் ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலம் உள்ள பென்சில் இருக்கும். எதிராளிக்குச் சிவப்பு, ஆசிரியருக்கு நீலம். ஓரத்தில் ஒரு சின்னக் கோடு போதும்.

உங்கள் பத்தியை அப்படிச் செய்து பார்த்தேன். 1 "உலகாயதர் சொல்வர்" என்று முடிகிறது, சிவப்பு. 2 "அவர்கள் காட்டும் சான்று" என்று முடிகிறது, அதுவும் சிவப்பு. 3, 4, 5 மூன்றிலும் யார் பெயரும் இல்லை. பெயர் ஒட்டாத வாக்கியம் ஆசிரியருடையது என்று வைத்து நீலம் போட்டேன். 6-ஐ இரண்டாக வெட்ட வேண்டும். "எனின்" வரை சிவப்பு, "அதுவும் பொருந்தாது" என்ற இரண்டு சொல் மட்டும் நீலம். 7, 8 நீலம்.

இப்போது ஓரத்தைப் பாருங்கள். சிவப்பு, நீலம், மறுபடி கொஞ்சம் சிவப்பு, மறுபடி நீலம். பத்தி நான்கு பேச்சாகப் பிரிந்துவிட்டது: எதிராளி சொல்கிறார், ஆசிரியர் மறுக்கிறார், எதிராளி திருப்பிக் கேட்கிறார், ஆசிரியர் பதில் சொல்கிறார். இதற்கு அப்புறம்தான் அம்புக்குறி. 2 போய் 1-ஐத் தாங்குகிறது. 3-உம் 4-உம் சேர்ந்து 5-ஐத் தாங்குகின்றன. 7 போய் 8-ஐத் தாங்குகிறது. 8 போய் 6-இன் சிவப்புப் பகுதியை அடைக்கிறது.

ஆகவே அ-வுக்கு 5. 8 கடைசியில் நிற்பதால் முடிவு போலத் தெரிகிறது, ஆனால் அது 5-க்கு வந்த தடையை விலக்கும் வேலையைத்தான் செய்கிறது. ஆ-வுக்கு, ஆசிரியர் தம்மீது தாமே எழுப்பிக்கொள்ளும் தடை. இ-க்கு 8.

ஈ-யைப் பற்றி யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

லாஸ்பேட்டை 27, ஜூன் 3, பகல் 1:40

இவ்வளவு வேண்டாம் சார். போட்டித் தேர்வில் ஒரு பத்திக்கு எட்டு நிமிடம்தான். "எனவே", "ஆதலால்" வந்தால் முடிவு. "ஏனெனில்", "-ஆல்" வந்தால் காரணம். "ஆனால்", "ஆயினும்" வந்தால் தடை. சொல்லைத் தேடி வட்டம் போட்டால் 40 விநாடியில் வேலை முடிந்தது. எனக்குப் பத்தில் ஏழு சரியாக வருகிறது.

புதுப்பாளையம் மெய்ப்பு, ஜூன் 3, இரவு 10:05

தம்பி, அந்தச் சொற்களைத் தேட வேண்டியதுதான், அதை மறுக்கவில்லை. "ஆதலின்" இருந்ததால்தான் 5 முடிவு என்று நானும் சட்டென்று பிடித்தேன். ஆனால் இந்தப் பத்தியில் உங்கள் பட்டியலை ஓட்டிப் பாருங்கள். "நீங்கிவிட்டதால்", "அதனால்" இரண்டும் 6-இல், எதிராளி வாயில் இருக்கின்றன. "ஆயினும்" 7-இல் இருக்கிறது. அங்கே தடையே இல்லை, ஆசிரியர் தம் காரணத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். பத்தியின் எடை முழுவதையும் சுமக்கிற 3, 4 இரண்டிலும் உங்கள் பட்டியலில் உள்ள ஒரு சொல்லும் இல்லை. "செம்மையோ" என்ற அந்த "ஓ" ஒன்றுதான் அடையாளம். வலை போட்டீர்கள், பெரிய மீன் இரண்டும் கண்ணி வழியே போய்விட்டன.

"-ஆல்" விஷயத்தில் இன்னொன்று. "மண்ணால் செய்த பானை" என்றாலும் "-ஆல்"தான், "மழை வந்தால்" என்றாலும் "-ஆல்"தான். இரண்டும் காரணம் இல்லை.

பத்தில் ஏழு வருகிறது என்றீர்கள். விட்டுப்போகிற மூன்று எந்த வகைக் கேள்வி என்று ஒருநாள் எடுத்துப் பாருங்கள். குரல் மாறுகிற பத்தியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

முத்தியால்பேட்டை செவிலி, ஜூன் 4, காலை 7:50

இரவுப் பணி முடிந்து வந்து படித்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் 19 வருடமாக இருக்கிறேன். இயந்திரம் மூச்சுக் கொடுக்கும், நெஞ்சு ஏறி இறங்கும், உள்ளே ஆள் இருக்கிறாரா என்று தெரியாது. மூச்சு வேறு உணர்வு வேறு என்பதை நான் தினமும் பார்க்கிறேன். ஆனால் "உடம்பு சிதையாமல் கிடக்கும்போதே" என்று எழுதியவர் பிணத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்கவில்லை. இரத்த ஓட்டம் நின்றால் சில நிமிடங்களிலேயே மூளை கெடத் தொடங்கிவிடும். வெளியே தோல் அப்படியே இருக்கும், அவ்வளவுதான். ஆன்மா உண்டா இல்லையா என்று கேட்டால், நான் உண்டு என்பேன். என் மாமியார் கடைசியாகக் கண் திறந்து பேரனைப் பார்த்ததை நான் பார்த்தேன். அதற்கு எந்தப் பத்தியும் வேண்டாம்.

புதுப்பாளையம் மெய்ப்பு, ஜூன் 4, காலை 8:30

அக்கா, ஆன்மா உண்டா என்பது இங்கே கேள்வி இல்லை. பத்தி என்ன சொல்கிறது, எதை வைத்துச் சொல்கிறது என்பதுதான் கேள்வி. ஆசிரியர் சொல்வது நமக்குச் சம்மதமா என்பதைக் குறி போட்டு முடிக்கும் வரை ஒதுக்கி வைக்க வேண்டும்.

கெடிலக்கரை, ஜூன் 5, மாலை 5:15

திருப்பாதிரிப்புலியூரில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு செய்தி.

முதலாவது, குறிகளுக்கு நம்மிடம் பழைய பெயர்கள் உண்டு. சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தை எடுத்தால், சூத்திரத்தின் உட்பிரிவான ஒவ்வோர் அதிகரணமும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்றே போகும். அங்கே மேற்கோள் என்றால் நிறுவ எடுத்துக்கொண்ட கூற்று, ஏது என்றால் அதற்குக் காரணம். இன்று மேற்கோள் என்றால் பிறர் சொன்னதை எடுத்துக்காட்டுவது என்று ஆகிவிட்டது. என் மாணவன் ஒருவன் உரை நூலில் "மேற்கோள்" என்று கண்ட இடமெல்லாம் இரட்டை மேற்கோள் குறி போட்டுக்கொண்டு வந்து நின்றான். ஆசிரியரின் சொந்தக் கூற்றெல்லாம் அவன் தாளில் பிறர் கூற்று ஆகியிருந்தது. புதுப்பாளையத்தார் சொல்லும் சிவப்பு நீலக் குழப்பம்தான் அதுவும்.

இரண்டாவது, புதுப்பாளையத்தாருக்கு ஒரு திருத்தம். 6-இல் உள்ள "நீங்கிவிட்டதால்" என்பதை எதிராளியின் காரணம் என்ற அளவில் விட்டுவிட்டீர்கள். தண்டியலங்காரத்தில் ஏது அணியைக் காரக ஏது, ஞாபக ஏது என்று பிரிப்பார்கள். ஒன்று நிகழ்ச்சியை உண்டாக்குவது, மற்றது நமக்கு அறிவிப்பது. பிராணன் நீங்கியது உணர்வு போனதை உண்டாக்கிற்று என்கிறார் எதிராளி. அது காரகம். 2-இல் உள்ள வெற்றிலை பாக்குச் செய்தியோ நம்மை நம்ப வைக்கச் சொன்னது. இரண்டுக்கும் ஒரே அம்புக்குறி போடலாமா?

புதுப்பாளையம் மெய்ப்பு, ஜூன் 6, காலை 6:10

ஐயா சொன்னது சரி. நான் போட்டது தப்பு. நேற்று இரவு மறுபடி உட்கார்ந்து பார்த்தேன், என் பழைய தாள்கள் எல்லாவற்றிலும் இந்தத் தப்பு இருக்கிறது.

மணிமேகலையில் வருகிற மலை, புகை, நெருப்பு உதாரணத்தை வைத்து எனக்கே விளக்கிக்கொண்டேன். "இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, புகை எழுவதால்" என்றால், புகை நெருப்பை உண்டாக்கவில்லை. நெருப்புதான் புகையை உண்டாக்குகிறது. ஆனாலும் நம் கூற்றுக்குக் காரணம் புகைதான். "நெருப்பு எரிவதால் மலையில் புகை எழுகிறது" என்றால், அங்கே புகையைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. எப்படி வந்தது என்று சொல்கிறோம், அவ்வளவுதான். இரண்டிலும் "-ஆல்" இருக்கிறது. ஒன்று வாதம், இன்னொன்று விளக்கம்.

பிரித்தறிய நான் இப்போது செய்வது: "-ஆல்" வருகிற இடத்தில் வாக்கியத்தைத் திருப்பி, "இது எனக்கு எப்படித் தெரியும் என்றால்" என்று தொடங்கிச் சொல்லிப் பார்க்கிறேன். மலையில் நெருப்பு இருப்பது எனக்கு எப்படித் தெரியும் என்றால், புகை எழுகிறது. பொருந்துகிறது, அம்புக்குறி போடலாம். 6-இல் சொல்லிப் பார்த்தால், உணர்வு போனது எனக்கு எப்படித் தெரியும் என்றால், பிராணன் நீங்கிவிட்டது. பொருந்தவில்லை. பிணத்தில் உணர்வு இல்லை என்பது இரண்டு பேருக்கும் முன்பே தெரியும். அது எப்படிப் போயிற்று என்பதற்கு எதிராளி வேறொரு விளக்கம் தருகிறார். ஆகவே அந்த "-ஆல்" வட்டத்துக்குள் வராது. அதன் கீழே இரட்டைக் கோடு போடுகிறேன். 'இது விளக்கம்' என்று எனக்கு நானே வைத்த குறி.

இதனால் ஆ-வின் விடையும் கூர்மையாகிறது. "ஆசிரியர் எழுப்பிக்கொள்ளும் தடை" என்று நான் எழுதியது போதாது. 4-இல் உள்ள உண்மையை எதிராளி ஒப்புக்கொண்டு, அதற்கு உடம்பு சார்ந்த இன்னொரு விளக்கம் உண்டு என்று சொல்கிற தடை அது. தடை எங்கே குத்துகிறது என்பதையும் எழுதினால்தான் முழு மதிப்பெண்.

லாஸ்பேட்டை 27, ஜூன் 6, இரவு 11:20

சார், விட்டுப்போன மூன்றையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டு, நீங்கள் சொன்ன வகைதான். "என்று கருதுவோர் உண்டு" என்று முடிகிற நீளமான வாக்கியங்கள். மூன்றாவதில் எல்லாமே ஆசிரியர் குரல்தான், ஆனாலும் தப்பினேன். அதற்குக் காரணம் தெரியவில்லை. தேர்வுக் கூடத்தில் சிவப்பு பென்சிலுக்கு என்ன செய்வது?

புதுப்பாளையம் மெய்ப்பு, ஜூன் 7, காலை 6:40

நேர்கோடு ஆசிரியருக்கு, நெளிகோடு எதிராளிக்கு. ஒரே பென்சில் போதும். நேரம் இல்லை என்றால் அம்புக்குறியை விடுங்கள், நெளிகோட்டை விடாதீர்கள். மூன்றாவது பத்தியை இங்கே போடுங்கள் தம்பி, சேர்ந்து பார்ப்போம்.

மஞ்சக்குப்பம் வாசகி, ஜூன் 7, இரவு 8:45

உண்மைதான், என் தாளில் "நீங்கிவிட்டதால்" வட்டத்துக்குள் இருந்தது. நேற்று புதுச்சேரிக்குப் பேருந்தில் போகும்போது நிறம் போட்டுப் பார்த்தேன். கோடு ஆடி ஆடி விழுந்தது, ஆனாலும் நான்கு துண்டும் தெரிந்தன. இரண்டு சந்தேகம். 3-உம் 4-உம் சேர்ந்து 5-ஐத் தாங்குகின்றன என்றீர்கள். தனித்தனியாகத் தாங்குகின்றன என்று ஏன் சொல்லக் கூடாது? அப்புறம், ஈ-யை எல்லோருமே விட்டுவிட்டீர்களே?

புதுப்பாளையம் மெய்ப்பு, ஜூன் 8, காலை 5:55

முதல் சந்தேகத்துக்கு: 3-ஐக் கையால் மூடிக்கொண்டு 4-ஐ மட்டும் படியுங்கள். பிணத்தில் உணர்வு இல்லை, ஆதலின் உணர்வு உடம்பின் குணம் ஆகாது. "ஏன் ஆகாது? சில குணங்கள் இடையில் போய்விடலாமே" என்று உடனே கேட்கத் தோன்றுகிறது. அந்தக் கேள்வியை அடைக்கத்தான் 3 இருக்கிறது. இப்போது 4-ஐ மூடிவிட்டு 3-ஐ மட்டும் படியுங்கள். வெற்றிலைச் செம்மை நீங்காது, ஆதலின் உணர்வு உடம்பின் குணம் ஆகாது. ஒட்டவே இல்லை. ஒன்றை மூடினால் மற்றது விழுகிறது என்றால் இரண்டும் ஒரே கட்டு. இரண்டையும் ஒரு வளைகோட்டால் சேர்த்து ஒரே அம்புக்குறி போட வேண்டும். ஒன்றை மூடியும் மற்றது தன் பலத்தில் நின்றால் தனித்தனி அம்புக்குறி.

சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தை இதற்கு எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பாருங்கள்:

உளதில தென்றலின் எனதுடல் என்றலின்
ஐம்புலன் ஒடுக்கம் அறிதலின் கண்படில்
உண்டிவினை இன்மையின் உணர்த்த உணர்தலின்
மாயா இயந்திர தனுவினுள் ஆன்மா

கடைசி அடியில் கூற்று. அதற்கு முன்னால் எல்லாம் ஏது. ஒரு காரணத்தை மூடினாலும் மற்றவை நிற்கும், ஏனென்றால் ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளுக்குப் பதில். உடம்பே ஆன்மா என்பவருக்கு "எனது உடல் என்றலின்". ஐம்பொறியே ஆன்மா என்பவருக்கு "ஐம்புலன் அறிதலின்". இங்கே "-இன்" என்ற உருபை மட்டும் எண்ணினால் ஐந்துதான் வரும். உரைமரபு இந்தச் சூத்திரத்தை ஏழு அதிகரணமாகப் பிரிக்கிறது. "ஐம்புலன் ஒடுக்கம் அறிதலின்" என்பதில் ஒரே "அறிதலின்" இரண்டு ஏதுவுக்கு வேலை செய்கிறது. கடைசி அடியிலிருந்தும் ஓர் அதிகரணம் வருகிறது. லாஸ்பேட்டைத் தம்பிக்கு இதைச் சொல்லத் தோன்றியது. உருபு ஒன்று என்றால் காரணமும் ஒன்று என்று நம்ப முடியாது.

இனி ஈ. இதில் எனக்கு நான்கு நாள் போயிற்று. 7-இலிருந்து 8-க்குப் போகிற அம்புக்குறிதான் பலவீனம் என்று நினைக்கிறேன். 7 உண்மையாகவே இருக்கட்டும். உறங்குகிறவனுக்கு மூச்சு இருக்கிறது, உணர்வு இல்லை. இதிலிருந்து என்ன கிடைக்கிறது? உணர்வுக்கு மூச்சு மட்டும் போதாது என்பது கிடைக்கிறது. உணர்வுக்கு மூச்சே வேண்டாம் என்பது கிடைக்கவில்லை. விளக்கில் எண்ணெய் இருந்தும் திரி இல்லாவிட்டால் எரியாது. அதைக் காட்டி, "ஆகவே எண்ணெய் தீர்ந்து இந்த விளக்கு அணையவில்லை" என்று ஒருவர் சொன்னால் ஒப்புக்கொள்வோமா? 8 அதைத்தான் சொல்கிறது. மூச்சு நீங்கியதால் உணர்வு போயிருக்கலாம் என்ற எதிராளியின் விளக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அது உயிரோடு இருந்தால் 5-உம் ஆட்டம் காண்கிறது.

இதைக் கண்டுபிடிக்க அம்புக்குறி உதவியது. வாக்கியங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தபோது 7 சரி, 8-உம் படிக்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டுக்கும் நடுவே கோடு இழுத்து, இந்தக் கோடு எதனால் நிற்கிறது என்று கேட்டபோதுதான் ஓட்டை தெரிந்தது.

புதுப்பாளையம் மெய்ப்பு, ஜூன் 8, இரவு 9:30

முத்தியால்பேட்டை அக்காவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஜூன் 4 அன்று, கேள்வி இது இல்லை என்று அவசரப்பட்டு எழுதிவிட்டேன், மன்னியுங்கள். நீங்கள் எழுதியதில் ஒரு வரி ஈ-க்கு நேரான விடை. "உடம்பு சிதையாமல் கிடக்கும்போதே" என்பதை நீங்கள் மறுத்தீர்கள். அது 4-ஆம் வாக்கியத்தையே சாய்க்கிற தடை. நான் சொன்னது 7-க்கும் 8-க்கும் நடுவிலுள்ள கோட்டைத் தாக்குகிறது. நீங்கள் சொன்னது காரணத்தையே தாக்குகிறது. வெளியே சிதையாமல் தெரிந்தாலும் உள்ளே கூட்டுக் குலைந்துவிட்டது என்றால், 3-உம் 4-உம் கட்டிய கட்டு அவிழ்கிறது.

இரண்டையும் தாளில் ஒரே பெருக்கல் குறியாகப் போடக் கூடாது. காரணத்தின் மேல் விழுகிற தடையை வாக்கிய எண்ணின் மேல் போடுகிறேன், இணைப்பின் மேல் விழுவதை அம்புக்குறியின் நடுவில் போடுகிறேன். "எந்தப் புதிய தகவல் வாதத்தை வலுவிழக்கச் செய்யும்" என்று கேட்டால் நாம் தேட வேண்டிய இடங்கள் இவைதான்.

முத்தியால்பேட்டை செவிலி, ஜூன் 9, காலை 8:05

மன்னிப்பெல்லாம் எதற்கு தம்பி. ஆனால் எனக்குப் புரியாதது ஒன்று. எதிராளியும் 6-இல் இதைத்தானே சொல்கிறார், கூட்டுக் குலைந்தது என்று? அவர் மூச்சைச் சொன்னார், நான் மூளையைச் சொன்னேன். அப்படியானால் நான் உலகாயதர் பக்கமா? நான் ஆன்மா உண்டு என்கிறவள்.

புதுப்பாளையம் மெய்ப்பு, ஜூன் 9, காலை 9:00

இல்லை அக்கா. ஒரு வாதம் தப்பு என்று காட்டுவதும் அதன் முடிவு பொய் என்று சொல்வதும் வேறு வேறு. 5 உண்மையாக இருக்கலாம். இந்தப் பத்தி அதை நிறுவிவிட்டதா என்பதில்தான் நமக்குச் சந்தேகம். ஆனால் உங்கள் தடையும் 6-உம் ஒரே இடத்தில் குத்துகின்றன என்பதை நான் கவனிக்கவே இல்லை. மூச்சுக்குப் பதில் சொல்லிவிட்டார் ஆசிரியர். மூளைக்கு அந்தப் பதில் செல்லாது, உறங்கும்போது மூளை ஓய்ந்துவிடுவதில்லை.

கெடிலக்கரை, ஜூன் 10, மாலை 4:40

புதுப்பாளையத்தார் 8-இல் கண்ட ஓட்டை இந்தப் பத்திக்குப் பொருந்தும். ஆனால் அதைச் சூத்திரத்தின் மேல் ஏற்றிவிடக் கூடாது, படிப்பவர்கள் அப்படி நினைத்துவிடுவார்கள் என்று எழுதுகிறேன். பெண்ணாகடம் நம் மாவட்டத்து ஊர். சிவஞானபோதத்தின் ஆசிரியர் மெய்கண்டார் அங்கே பிறந்தார் என்பது மரபு. அதனால் எனக்குச் சற்று வேகம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

"கண்படில் உண்டிவினை இன்மையின்" என்பதில் யாரை மறுக்கிறார்? பிராணவாயுவே ஆன்மா, அறிகிறது அதுதான் என்பவரை. அறிகிறவன் மூச்சுதான் என்றால், மூச்சு இருக்கும்போதெல்லாம் அறிவும் நுகர்வும் இருக்க வேண்டும். உறக்கத்தில் மூச்சு ஓடியும் அவை இல்லை. ஆகவே மூச்சு அறிகிறவன் அல்லன். இங்கே "போதாது" என்று காட்டினாலே போதும், வாதம் முடிந்தது. உங்கள் பத்தியை எழுதியவர் அதே ஏதுவை எடுத்து, பிராணன் நீங்கியதால் உணர்வு போயிற்று என்ற வேறு கூற்றின் மேல் எய்திருக்கிறார். ஏது அதுவே, மேற்கோள் மாறிவிட்டது. குறி போடும்போது காரணத்துக்கு மட்டும் வட்டம் போட்டால் இது தெரியாது. எந்தக் கூற்றை நோக்கி என்று அம்பின் முனையையும் பார்க்க வேண்டும்.

புதுப்பாளையம் மெய்ப்பு, ஜூன் 10, இரவு 10:50

ஐயா, இதைப் படித்துவிட்டு வெளியே போய்த் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். 8-இல் ஓட்டை இருக்கிறது என்று கண்டேன், அந்த ஓட்டை எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நல்ல ஏதுவைத் தவறான மேற்கோளுக்குக் கட்டியதால் வந்திருக்கிறது.

ஒன்றில் மட்டும் உங்களோடு முழுக்கப் போக முடியவில்லை. 6-இல் உள்ள எதிராளியை, "பிராணன்தான் உணர்வுக்கு இருப்பிடம்" என்று சொல்பவராகவும் படிக்கலாம் அல்லவா? அப்படிப் படித்தால் 7 சரியான அடி. "கூட்டுக் குலைந்தது" என்ற சொல் நடுவில் இருப்பதால் அப்படிப் படிக்கத் தயங்குகிறேன், ஆனால் முடியாது என்று சொல்லவும் இல்லை. தேர்வில் கேட்டால் இரண்டு வாசிப்பையும் எழுதி, எந்தச் சொல்லை வைத்து எதைத் தேர்ந்தேன் என்று காட்டுவேன்.

கெடிலக்கரை, ஜூன் 11, காலை 6:00

"கூட்டு" என்ற சொல் இருக்கும் வரை அந்த வாசிப்பை நான் ஒப்ப மாட்டேன். ஆனால் எழுதுங்கள், படிக்கிறேன்.

மஞ்சக்குப்பம் வாசகி, ஜூன் 11, இரவு 9:20

பத்தியை வெள்ளைத் தாளில் புதிதாக எழுதி, முதலிலிருந்து குறி போட்டேன். 3-ஆம் வாக்கியத்தில் நின்றுவிட்டேன். பெயர் ஒட்டாத வாக்கியம் ஆசிரியருடையது என்றீர்கள். ஆனால் வெற்றிலைச் செம்மை கூட்டு இருக்கும் வரை நீங்காது என்பதை உலகாயதரும் மறுக்க மாட்டாரே. அது அவருடைய உதாரணம்தானே. ஆசிரியர் அதை அவரிடமிருந்தே வாங்கி அவர் மேல் திருப்புகிறார். நீலம் போட்டால் அது மறைந்துவிடுகிறது. அதனால் முதலில் சிவப்புக் கோடு போட்டு, பக்கத்திலேயே நீலக் கோடும் போட்டேன். தப்பா?

புதுப்பாளையம் மெய்ப்பு, ஜூன் 12, காலை 6:15

தப்பில்லை. ஜூன் 3 அன்று நான் போட்ட தாளில் 3-க்கு நீலம் மட்டும்தான் இருக்கிறது. இப்போது அதன் பக்கத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டேன்.